பத்து ஆண்டு கழித்துத் தொடங்கும் ஓய்வூதியத்துக்கு இன்று என்ன மதிப்பு? ஒரு முழுமையான கணக்கு வழிகாட்டி

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கையில் ஒரு கடிதம் இருக்கிறது. இன்றிலிருந்து சரியாகப் பத்து ஆண்டு கழித்து அவருக்கு ஓய்வூதியம் தொடங்கும். ஆண்டுக்கு 1,20,000 வீதம் 20 தவணைகள். அது வேண்டாம் என்றால் இன்றே 6,50,000 மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். எதை எடுப்பது?

இருபது தவணைகளையும் கூட்டினால் 24 லட்சம் வருகிறது. அந்தக் கூட்டல் எதற்கும் உதவாது. பத்து ஆண்டு கழித்து வரும் பணமும் இருபத்தொன்பது ஆண்டு கழித்து வரும் பணமும் இன்று கையில் இருக்கும் பணமும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் 6,50,000-உடன் ஒப்பிட முடியும். அந்த வேலையை இந்த ஒரே கடிதத்தை வைத்து முதல் படியிலிருந்து செய்வோம். கணக்கு கடினமானதல்ல. ஆனால் ஓரிரு இடங்களில் ஒரு சின்னத் தப்பு நடந்தால் விடையே தலைகீழாகிவிடும், அந்த இடங்களில்தான் நிதானம் வேண்டும்.

முதல் படி: காலக்கோடு வரையுங்கள்

சூத்திரத்தைத் தொடுமுன் ஒரு தாளில் கோடு போடுங்கள். இடது ஓரத்தில் 0 என்று எழுதுங்கள், அது இன்று. பிறகு 1, 2, 3 என்று வரிசையாக 30 வரை குறியுங்கள். முதல் தவணை விழும் இடத்தில் ஒரு புள்ளி, கடைசித் தவணை விழும் இடத்தில் ஒரு புள்ளி. நம் கடிதத்தில் முதல் தவணை 10-இல் விழுகிறது. கடைசித் தவணை எங்கே? பலர் கை 30-க்குப் போகும். தவறு, 29-இல்தான். 10 முதல் 29 வரை எண்ணிப் பாருங்கள், இருபது புள்ளிகள் இருக்கும். கையை விரித்தால் விரல் ஐந்து, இடைவெளி நான்குதான். ஓய்வூதியக் கணக்கில் நடக்கும் பாதித் தப்பு இந்த விரலுக்கும் இடைவெளிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பிறக்கிறது.

கோடு வரையும்போதே கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். “60 வயதில் ஓய்வூதியம் தொடங்கும்” என்றால் 60-ஆவது பிறந்தநாளிலேயே முதல் பணம் வருமா, அல்லது அன்று கணக்கு தொடங்கி ஓராண்டு முடிந்தபின் வருமா? முதல் வகை என்றால் முதல் புள்ளி 10-இல், இரண்டாம் வகை என்றால் 11-இல். கடிதம் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். இந்த ஒரு பதிலுக்கு எவ்வளவு பண மதிப்பு என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

இரண்டாம் படி: தள்ளுபடி விகிதம்

எதிர்காலப் பணத்தை இன்றைக்குக் கொண்டுவர ஒரு வட்டி விகிதம் வேண்டும். அதைத் தள்ளுபடி விகிதம் என்கிறோம். ஓய்வூதியம் எவ்வளவு உறுதியானதோ அவ்வளவே உறுதியான, ஏறக்குறைய அதே நீளமுள்ள வேறொரு முதலீடு என்ன தருகிறதோ, அந்த விகிதத்தை எடுப்பதே முறை. கொடுப்பவர் தவறவே மாட்டார் என்றால் நீண்டகால அரசுப் பத்திரத்தின் விகிதத்துக்கு அருகில் இருக்க வேண்டும். கொடுப்பவர் மேல் சந்தேகம் இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். பங்குச்சந்தையில் கிடைக்கும் என்று மனதில் ஆசைப்படும் விகிதத்தை இங்கே போடக்கூடாது. உறுதியான பணத்தை உறுதியில்லாத விகிதத்தால் வகுத்தால் ஓய்வூதியம் மலிவாகத் தெரியும். மொத்தத் தொகையை எடுக்கச் சொல்லி வரும் கணக்குகளில் முதலில் இந்த விகிதத்தைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

நாம் 7% என்று வைத்துக்கொள்வோம். இது ஆண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி சேரும் விகிதம். இன்று போட்ட 100, ஓராண்டு முடிவில் 107 ஆகும்.

மூன்றாம் படி: ஒரே கட்டாக்கி, பிறகு இன்றைக்குக் கொண்டுவருதல்

இருபது தவணைகளையும் தனித்தனியாக இன்றைக்குக் கொண்டுவரலாம். அதைவிட எளிதாக, இரண்டு கட்டமாகச் செய்யலாம். முதலில் இருபதையும் ஏதோ ஓர் ஆண்டில் ஒரே தொகையாகச் சுருட்டுகிறோம். பிறகு அந்த ஒரு தொகையை இன்றைக்குக் கொண்டுவருகிறோம்.

சுருட்டுவதற்கான சூத்திரம் இது. சம இடைவெளியில் வரும் சமத் தவணைகளுக்கானது, சாதாரண ஆன்யூட்டி சூத்திரம் என்பார்கள். P தவணை, n தவணைகளின் எண்ணிக்கை, i விகிதம்.

```
V = P × [1 − (1+i)^(−n)] / i
```

இதில் 1,20,000, 20, 0.07 ஆகியவற்றைப் போட்டால், அடைப்புக்குறிப் பகுதியை i-ஆல் வகுத்தபின் 10.5940 வரும், இதைக் காரணி என்கிறோம். அதை 1,20,000-ஆல் பெருக்கினால் 12,71,282.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்த 12,71,282 எந்த ஆண்டின் பணம்? முதல் தவணை 10-இல் தொடங்குவதால் இதுவும் 10-ஆம் ஆண்டின் மதிப்பு என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் இந்தச் சூத்திரம் முதல் தவணையையும் ஓர் ஆண்டுக்குத் தள்ளுபடி செய்துவிடுகிறது. அதாவது அது தரும் விடை எப்போதும் முதல் தவணைக்கு ஓர் ஆண்டு முந்தைய மதிப்பு. நம் கோட்டில் அது 9-ஆம் புள்ளி. ஆகவே இன்றைக்குக் கொண்டுவர 9 ஆண்டுகளுக்குத்தான் தள்ளுபடி செய்ய வேண்டும்.

1.07-ஐ ஒன்பது முறை பெருக்கினால் 1.83846. 12,71,282-ஐ அதனால் வகுத்தால் 6,91,493. கடிதத்தின் இன்றைய மதிப்பு இதுதான். மொத்தத் தொகையான 6,50,000-ஐவிட 41 ஆயிரத்துக்கு மேல் அதிகம்.

பழக்கதோஷத்தில் 10 ஆண்டுக்குத் தள்ளுபடி செய்திருந்தால் விடை 6,46,255 வந்திருக்கும். 6,50,000-ஐவிடக் கொஞ்சம் குறைவு. அதாவது “மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்” என்று கணக்கு சொல்லியிருக்கும். அடுக்கில் ஒன்பதுக்குப் பதில் பத்து விழுந்ததுதான் காரணம். வேறு எதுவும் மாறவில்லை. நான் இந்தக் கணக்கைக் கற்ற காலத்தில் இதே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன். கோடு வரைந்து, சுருட்டிய தொகையை அதன் புள்ளிக்கு மேலேயே எழுதிவைக்கும் பழக்கம் வந்த பிறகுதான் நின்றது.

முதல் படியில் கேட்ட கேள்வியின் விலையும் இங்கே தெரிகிறது. முதல் பணம் 60-ஆவது பிறந்தநாளில் வராமல் ஓராண்டு கழித்து 11-இல் வருவதாக இருந்தால், சுருட்டிய தொகை 10-ஆம் புள்ளியில் நிற்கும். அப்போது 6,46,255-தான் சரியான விடை. ஒரே எண் ஒரு கடிதத்துக்குத் தப்பு, இன்னொரு கடிதத்துக்குச் சரி.

நான்காம் படி: வேறு வழியில் சரிபாருங்கள்

ஒரே வழியில் இருமுறை போட்டால் அதே தப்பு இருமுறை நடக்கும். வேறு வழியில் போட்டுப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது கழித்தல் வழி. 1 முதல் 29 வரை எல்லா ஆண்டும் பணம் வருவதாகக் கற்பனை செய்யுங்கள். அதிலிருந்து வராத ஆண்டுகளான 1 முதல் 9 வரையிலான பகுதியைக் கழியுங்கள். 29 தவணைக்கான காரணி 12.27767, 9 தவணைக்கான காரணி 6.51523. வித்தியாசம் 5.76244. அதை 1,20,000-ஆல் பெருக்கினால் மறுபடியும் 6,91,493. இங்கே அடுக்கு ஒன்பதா பத்தா என்ற குழப்பமே வருவதில்லை, பணம் வராத ஆண்டுகளை எண்ணினால் போதும்.

எக்செல் வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்று வரிகளும் ஒரே விடை தர வேண்டும்:

```
=PV(7%,20,-120000,0,0)/1.07^9
=PV(7%,20,-120000,0,1)/1.07^10
=SUMPRODUCT(120000/1.07^ROW($10:$29))
```

முதல் வரியின் கடைசி 0, தவணை ஆண்டு முடிவில் வருகிறது என்று சொல்கிறது, அதனால் 9. இரண்டாம் வரியில் 1, ஆண்டுத் தொடக்கத்தில் வருகிறது என்கிறது. அப்போது சுருட்டிய தொகை முதல் தவணை விழும் நாளிலேயே நிற்கும், அதனால் 10. இந்த இரண்டையும் கலந்துவிடக்கூடாது. மூன்றாம் வரி 10 முதல் 29 வரை ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியாகத் தள்ளுபடி செய்து கூட்டுகிறது. மெதுவான வழி, ஆனால் ஏமாற்றாத வழி.

ஐந்தாம் படி: பணம் மாதாமாதம் வந்தால்

ஓய்வூதியம் பெரும்பாலும் மாதத் தவணையில்தான் வரும். 1,20,000-க்குப் பதில் மாதம் 10,000, மொத்தம் 240 தவணைகள், முதல் தவணை சரியாகப் பத்தாம் ஆண்டு முடியும் நாளில், அதாவது 120-ஆம் மாதத்தில் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது மாத விகிதம் வேண்டும். 7-ஐ 12-ஆல் வகுத்து 0.5833% என்று போட்டால் ஓராண்டில் கூட்டு வட்டி சேர்ந்து 7.23% ஆகிவிடும். நாம் எடுத்த விகிதம் 7%. ஆகவே பன்னிரண்டு மாதம் கூட்டினால் சரியாக 1.07 வரும் மாத விகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்:

```
j = 1.07^(1/12) − 1 = 0.0056541
```

இதை வைத்து 240 தவணையைச் சுருட்டினால் 13,11,571 வரும். முன்போலவே அது முதல் தவணைக்கு ஒரு படி முந்தைய மதிப்பு. இங்கே ஒரு படி என்பது ஒரு மாதம், எனவே 119-ஆம் மாதம். அங்கிருந்து 119 மாதங்களுக்குத் தள்ளுபடி செய்தால் 6,70,506.

ஆண்டுக் கணக்கில் வந்த 6,91,493-ஐவிட இது ஏன் குறைவு? அங்கே ஆண்டின் முதல் நாளிலேயே முழுப் பணமும் கைக்கு வந்தது. இங்கே அதே பணம் பன்னிரண்டு மாதங்களுக்குப் பரவுகிறது, சராசரியாக ஐந்தரை மாதம் தாமதம். வித்தியாசம் 3% என்றால் நம்பலாம். இந்த 7% விகிதத்தில் ஆண்டுக் கணக்குக்கும் மாதக் கணக்குக்கும் இடையில் இதைவிடப் பெரிய இடைவெளி வந்தால் எங்கோ புள்ளி தவறியிருக்கிறது.

7-ஐ 12-ஆல் வகுக்கும் குறுக்குவழியில் போனால் விடை 6,45,556. சுமார் 25,000 குறைவு. இதுவும் 6,50,000-க்குக் கீழே விழுந்து முடிவைத் திருப்பிவிடுகிறது. உடனே தொடங்கும், சில ஆண்டே ஓடும் தவணைகளில் இந்தக் குறுக்குவழி பெரிதாகச் சேதம் செய்யாது. பத்தாண்டு காத்திருப்பும் இருபதாண்டு தவணையும் சேர்ந்தால்தான் சின்ன விகித வித்தியாசம் இப்படி வளர்கிறது.

ஆறாம் படி: கடிதத்தில் எழுதிய தொகை எந்தக் காலத்துப் பணம்?

என்னைக் கேட்டால், முழுக் கணக்கிலும் மிகப் பெரிய கேள்வி இதுதான். அடுக்கில் ஒன்று தவறினால் விடை ஆறரை சதவீதம் மாறும். இங்கே தவறினால் இரண்டு மடங்கு மாறும்.

“ஆண்டுக்கு 1,20,000” என்ற வார்த்தைக்கு மூன்று பொருள் இருக்கலாம். பணவீக்கம் ஆண்டுக்கு 4% என்று வைத்து, ஆண்டுத் தவணைக் கணக்கிலேயே பார்ப்போம்.

முதல் பொருள்: பத்து ஆண்டு கழித்தும் 1,20,000, கடைசித் தவணையும் 1,20,000. விடை நாம் கண்ட 6,91,493. ஆனால் வாங்கும் சக்தியைப் பாருங்கள். முதல் தவணையால் வாங்க முடிவது, இன்று 81,068-க்குக் கிடைப்பதுதான். கடைசித் தவணையின் மதிப்பு இன்றைய 38,478. இருபதாண்டும் ஒரே எண் அச்சாகிறது, ஆனால் அது வாங்கித் தருவது ஆண்டுதோறும் சுருங்குகிறது.

இரண்டாம் பொருள்: முதல் தவணை 1,20,000, அதன்பின் ஆண்டுக்கு 4% உயரும். வளரும் தவணைக்கு g என்ற உயர்வு விகிதத்தைச் சேர்த்த சூத்திரம்:

```
V = P × [1 − ((1+g)/(1+i))^n] / (i − g)
```

இதுவும் முதல் தவணைக்கு ஓர் ஆண்டு முந்தைய மதிப்பையே தரும். 17,35,088 வருகிறது. 9 ஆண்டுக்குத் தள்ளுபடி செய்தால் 9,43,773.

மூன்றாம் பொருள்: 1,20,000 என்பது இன்றைய மதிப்பில் சொன்னது. காத்திருக்கும் பத்து ஆண்டிலும் அது 4% உயர்ந்துகொண்டே வரும், தொடங்கிய பிறகும் உயரும். அப்படியானால் முதல் தவணையே 1,77,629 ஆகியிருக்கும். மொத்த மதிப்பு 13,97,015.

ஒரே கடிதம், ஒரே 1,20,000, மூன்று மதிப்பு. 6.91 லட்சம், 9.44 லட்சம், 13.97 லட்சம். இதில் எது என்று விதிமுறையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பாகக் காத்திருக்கும் காலத்தில் உயர்வு உண்டா என்று தனியாகத் தேடுங்கள். தொடங்கிய பிறகு வரும் உயர்வை எடுப்பாக எழுதுவார்கள், காத்திருக்கும் காலம் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போகலாம்.

இங்கே நடக்கும் குளறுபடி ஒன்று உண்டு. இன்றைய விலையில் சொன்ன தொகையை எடுத்து, பணவீக்கம் அடங்கிய 7%-ஆல் தள்ளுபடி செய்வது. இன்றைய விலையில் தொகை என்றால் விகிதத்திலிருந்தும் பணவீக்கத்தை எடுத்துவிட வேண்டும். 1.07-ஐ 1.04-ஆல் வகுத்தால் 1.02885, அதாவது உண்மை விகிதம் 2.885%. இந்த விகிதத்தில் உயராத 1,20,000-ஐ வைத்துப் போட்டால் மூன்றாம் பொருளின் அதே 13.97 லட்சம் வரும். வராவிட்டால் இரண்டில் ஒன்று தவறு.

ஏழாம் படி: ஆயுள் முழுக்க வரும் ஓய்வூதியம்

இதுவரை 20 தவணை உறுதி என்று வைத்தோம். பல ஓய்வூதியங்கள் உயிரோடு இருக்கும்வரைதான். அப்போது n என்ன? சராசரி ஆயுளைப் பார்த்து, 60-க்குப் பிறகு 20 ஆண்டு இருப்பார் என்று 20-ஐப் போடுவது எல்லோரும் செய்வது. அது மதிப்பை எப்போதும் கூட்டியே காட்டும்.

ஏன் என்று ஓர் எளிய கற்பனையில் பார்க்கலாம். ஓய்வூதியம் தொடங்கிய இருவர். ஒருவர் 10 தவணை வாங்குகிறார், மற்றவர் 30 தவணை. சராசரி 20. ஆனால் முதலாமவர் இழந்த 11 முதல் 20 வரையிலான தவணைகளின் மதிப்பு, 7% விகிதத்தில், 3.57 தவணைக்குச் சமம். இரண்டாமவர் கூடுதலாகப் பெற்ற 21 முதல் 30 வரையிலானவை 1.82 தவணைக்குத்தான் சமம். தூரத்துப் பணம் கிட்டத்துப் பணத்தை ஈடுகட்டவில்லை. இருவரின் மதிப்பையும் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுத்தால் இன்றைய மதிப்பு 6,34,204. சராசரி ஆயுளை வைத்துப் போட்டதைவிட 57,000 குறைவு.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1671-இலேயே ஹாலந்தின் அரசியல் தலைவரான யான் டி விட் ஆயுள் ஆண்டுத்தொகைக்கு விலை கணித்தபோது, ஒவ்வொரு கால அளவுக்கும் மதிப்பைக் கண்டு, பிறகுதான் சராசரி எடுத்தார். 1693-இல் எட்மண்ட் ஹாலி, ஆம், வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற அதே ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்தின் இறப்புப் பதிவுகளிலிருந்து ஆயுள் அட்டவணை தயாரித்து இதே வேலையைச் செய்தார். இன்றும் வழி அதுதான். ஒவ்வோர் ஆண்டின் தவணையையும் அந்த ஆண்டுக்குத் தள்ளுபடி செய்து, அதுவரை உயிரோடு இருக்கும் வாய்ப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

தள்ளிவைத்த ஓய்வூதியத்தில் அந்த வாய்ப்பை இன்றைய வயதிலிருந்து எடுக்க வேண்டும், 60-இலிருந்து அல்ல. 50 வயதுக்காரர் 60-ஐத் தொடும் வாய்ப்பும் அதில் சேர வேண்டும். தொடங்கும் முன் இறந்தால் கட்டிய பணம் திரும்பும், துணைவருக்குப் பாதி வரும் என்பன போன்ற விதிகள் இருந்தால் அவற்றின் மதிப்பைத் தனியாகக் கண்டு கூட்டுங்கள், முதன்மைக் கணக்குக்குள் திணிக்க வேண்டாம். எடுக்கும் ஆயுள் அட்டவணை, ஓய்வூதியம் வாங்குபவர்களுடையதாக இருப்பது நல்லது. அவர்கள் பொதுமக்களின் சராசரியைவிட நீண்ட நாள் வாழ்வது பொதுவாகக் காணப்படும் போக்கு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 6,34,204 என்ற எண் 6,50,000-க்குக் கீழே இருக்கிறது என்பதற்காக ஓய்வூதியம் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. தொண்ணூறு வயதில் சேமிப்பு தீர்ந்துபோகாமல் இருப்பதற்கான காப்பு அந்த எண்ணுக்குள் இல்லை. வேறு வருமானம் இல்லாதவருக்கு அதுதான் ஓய்வூதியத்தின் பெரிய பயன்.

எட்டாம் படி: விகிதத்தை மாற்றிப் பாருங்கள், பிறகு கேள்வியைத் திருப்புங்கள்

7% என்பது நாம் எடுத்த ஊகம். அதை 5% ஆக்கினால் உயராத ஆண்டுத் தவணையின் மதிப்பு 6,91,493-இலிருந்து 9,63,990 ஆகிறது, 39% ஏற்றம். 9% ஆக்கினால் 5,04,364. இதே 20 தவணை இன்றே தொடங்கியிருந்தால் 7-இலிருந்து 5-க்கு வரும்போது 15% மட்டுமே ஏறியிருக்கும். காத்திருப்புதான் இந்தக் கூடுதல் ஆட்டத்துக்குக் காரணம், கடைசித் தவணையைப் போலவே முதல் தவணையும் நீண்ட தூரம் தள்ளுபடி ஆகி வருகிறது.

இவ்வளவு ஆடும் எண்ணை வைத்துக்கொண்டு 7 சரியா 7.5 சரியா என்று வாதாடுவதைவிட, கேள்வியைத் திருப்பிப் போடுவது நல்லது. எந்த விகிதத்தில் ஓய்வூதியமும் 6,50,000-மும் சமமாகின்றன? எக்செலில் கோல் சீக் வைத்தோ, கையால் விகிதத்தை ஏற்றி இறக்கியோ கண்டுபிடிக்கலாம். 20 தவணை உறுதியான, உயராத ஓய்வூதியத்துக்கு, ஆண்டுத் தவணை என்றால் சுமார் 7.4%, மாதத் தவணை என்றால் சுமார் 7.2%.

இப்போது கடிதக்காரர் தன்னைத்தானே கேட்க வேண்டியது இது: இந்த 6,50,000-ஐ இன்று வாங்கி, வரி போக, இடையில் கை வைக்காமல், இந்த ஓய்வூதியம் அளவுக்கு உறுதியான இடத்தில், முதல் பத்தாண்டும் அதன்பின் மாதம் 10,000 எடுக்கும் இருபதாண்டும் 7.2% தொடர்ந்து ஈட்ட முடியுமா? ஓய்வூதியத்துக்கும் வரி உண்டு என்றால், இரண்டு பக்கமும் வரி போன தொகையை வைத்து இந்த விகிதத்தை இன்னொரு முறை கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஈட்டித் தரும் இடத்தை அவரால் பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால் மொத்தத் தொகையை எடுக்கலாம். காட்ட முடியாவிட்டால் கடிதத்தில் ஓய்வூதியத்துக்கு எதிரே உள்ள கட்டத்தில் குறியிட்டு அனுப்பலாம்.